ஒடியல் மா விற்கும் சங்கத்துக்கு ஓர் ஆண்டுச் சமூக ஊடகத் திட்டம்

கேள்வி: "கிளிநொச்சியில் 14 பெண்கள் சேர்ந்து பனை உணவுப் பொருட்கள் செய்து விற்கிறோம். முகநூல் பக்கமும் வட்ஸ்அப் இலக்கமும் இருக்கின்றன. எங்களுக்கு உதவி தரும் நிறுவனம் அடுத்த ஆண்டுக்கான சமூக ஊடகத் திட்டத்தைக் காலாண்டு மீளாய்வுகளோடு எழுதித் தரச் சொல்கிறது. ஆண்டு முழுவதற்குமான பதிவுகளை இப்போதே எழுதி வைக்க வேண்டுமா? மீளாய்வில் எதைப் பார்த்து என்ன தீர்மானிப்பது?"

பதிவுகளை இப்போதே எழுதி வைக்க வேண்டியதில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உற்பத்திச் சங்கங்களுக்கு இப்படியான திட்டங்களைப் பத்து ஆண்டுகளாக எழுதிக் கொடுத்து வருகிறேன். தொடக்க காலத்தில் 52 வாரங்களுக்கும் பதிவுகளை நிரப்பிய அட்டவணைகளைத்தான் நானும் கொடுத்தேன். அவற்றில் ஒன்றுகூடப் பங்குனி மாதத்தைத் தாண்டவில்லை. மழை பிந்தினால் கிழங்கு பிந்துகிறது, கிழங்கு பிந்தினால் அட்டவணையில் இருக்கும் பதிவுக்குப் படம் எடுக்கப் பொருள் இருப்பதில்லை, இரண்டு வாரம் தவறியதும் எல்லோரும் அட்டவணையைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கு முன்கூட்டி எழுத வேண்டியவை மூன்று: காலாண்டுக்கு ஒரு கருப்பொருள், அந்தக் கருப்பொருளுக்கு எதை எண்ணப் போகிறீர்கள் என்பது, அந்த எண்ணிக்கை எவ்வளவாக வந்தால் என்ன செய்வீர்கள் என்பது. பதிவுகளை இரண்டு வாரங்களுக்கு முன்னால் எழுதினால் போதும். ஒருவர் மற்ற வேலைகளோடு சேர்த்துச் செய்வதானால் வாரத்துக்கு இரண்டு பதிவு என்பதே தாங்கக்கூடிய அளவு. அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கருப்பொருட்களை யோசித்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பனை அவற்றை ஏற்கெனவே வகுத்துத் தந்திருக்கிறது. தை, மாசியில் பாத்திகளில் கிழங்கு கிண்டி, பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஆகவே முதலாம் காலாண்டின் கருப்பொருள் கிழங்கு மாவாகும் கதை. அடுத்து வெயில் காலத்தில் கருப்பணி காய்ச்சிப் பனங்கட்டி வார்த்துக் குட்டானில் இடுவது இரண்டாம் காலாண்டுக்கு உரியது. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும், பனாட்டு காயும், பணியாரம் சுடும் நாட்கள் மூன்றாம் காலாண்டு. மடுத் திருவிழாவுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் விடுமுறையில் ஊருக்கு வருகிற காலமும் அதுவே. நான்காம் காலாண்டு மழைக்காலம், எதுவும் காயாது. அப்போது சேமிப்பில் இருக்கும் மாவைக் கொண்டு கூழ் காய்ச்சும் முறை, பாத்தி போட்ட வளவுகள், தைக்கான முற்பதிவு ஆகியவற்றைப் பேசலாம். புதிதாகச் செய்வதற்குக் கையில் எதுவும் இல்லாத அந்த வாரங்களில்தான் அடுத்த ஆண்டின் திட்டத்தை எழுத வேண்டும்.

இனி எதை எண்ணுவது. முகநூல் காட்டும் விருப்பங்களையும் பார்வைகளையும் எண்ணித் தீர்மானம் எடுக்காதீர்கள். அவை பொய் என்று சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை, அவ்வளவே. கனடாவில் இருக்கும் ஒருவர் பனங்கிழங்குப் படத்தைப் பார்த்து ஊர் நினைவில் விருப்பம் இடுவார், ஆனால் வாங்க மாட்டார். அதோடு அந்த அளவுகளின் பொருளும் மாறுகிறது. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மெற்றா நிறுவனம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற கணக்கைப் பின்னுக்குத் தள்ளி, எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்ற `Views` கணக்கை முன்னுக்குக் கொண்டுவந்தது. ஒருவர் மூன்று தடவை பார்த்தால் அதில் மூன்று என வரும். அந்த மாற்றத்துக்கு முன்னைய எண்ணையும் பின்னைய எண்ணையும் பக்கத்தில் வைத்து வளர்ச்சி என்று அறிக்கை எழுதினால் அது பிழையான அறிக்கை. நீங்கள் எண்ண வேண்டியவை இரண்டு: எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள். இவை இரண்டும் உங்கள் கொப்பியில் இருக்கும், எந்த நிறுவனமும் அவற்றின் வரைவிலக்கணத்தை மாற்ற முடியாது.

விசாரணை எந்தக் கருப்பொருளால் வந்தது என்று அறிவதற்கு ஓர் எளிய வழி உண்டு. வட்ஸ்அப் இலக்கத்துக்குச் செல்லும் இணைப்பிலேயே ஒரு குறியீட்டை எழுதி வைக்கலாம்.

```
https://wa.me/94XXXXXXXXX?text=K1
```

இலக்கத்தின் முன்னால் உள்ள சுழியத்தை நீக்கி 94 என்று தொடங்க வேண்டும், கூட்டல் குறி இடக்கூடாது. இணைப்பை அழுத்துகிறவருடைய செய்திப் பெட்டியில் K1 என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், அவர் அதன் பின்னால் தன் கேள்வியை எழுதி அனுப்புவார். முதலாம் காலாண்டுப் பதிவுகளுக்கு K1, இரண்டாவதுக்கு K2, வேறு தளத்தில் இடும் காணொளிகளுக்கு வேறொரு எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். `WhatsApp Business` செயலியில் ஒவ்வோர் உரையாடலுக்கும் நிறக்குறி இடும் வசதி உண்டு, "விசாரணை", "வாங்கினார்", "வெளிநாடு" என்ற மூன்று குறிகள் போதும். இந்த முறைக்கு ஒரு குறை இருக்கிறது. சிலர் குறியீட்டை அழித்துவிட்டு எழுதுவார்கள், சிலர் பதிவைப் பார்த்துவிட்டு நேரே தொலைபேசியில் அழைப்பார்கள். பொதி கட்டுகிறவர் "எங்கே பார்த்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொப்பியில் குறித்தால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

ஒரு காலாண்டை முழுதாகச் சொல்கிறேன். நான் உடனிருந்த ஒரு சங்கம், உங்களைப் போன்றதே, தை மாதத்தில் 60 கிலோ ஒடியல் மா செய்ய முடியும் என்று கணக்கிட்டது. 250 கிராம் பொதியாகக் கட்டினால் 240 பொதி. வழக்கமான கடைகளுக்கு 40 பொதியை ஒதுக்கினோம், மீதி 200. முந்தைய ஆண்டுக் கொப்பியில் ஒருவர் சராசரியாக நான்கு பொதி வாங்கியிருந்தார், ஆகவே நமக்குத் தேவை 50 கட்டளைகள். விசாரித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாங்கியிருந்தார்கள், ஆகவே தேவை 100 விசாரணைகள். இலக்கு இப்படித்தான் கையிருப்பிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். "பின்தொடர்பவர்களை 5,000 ஆக்குவோம்" என்று எழுதும் சங்கம், 5,000 பேரும் கேட்டால் கொடுப்பதற்கு மா வைத்திருப்பதில்லை.

பின்னர் மார்கழியிலேயே, எந்த எண்ணும் தெரியாத நிலையில், தீர்மானங்களை எழுதினோம். பங்குனிக் காலாண்டு முடியும் கடைசிச் சனிக்கிழமை விசாரணை 50க்குக் கீழே இருந்தால் கருப்பொருளைச் சொல்லும் விதம் தவறு, அடுத்த ஆண்டு வேறு விதமாகச் சொல்ல வேண்டும். விசாரணை 50க்கு மேலே இருந்தும் கட்டளை 25க்குக் கீழே இருந்தால் பதிவுகளைத் தொடக்கூடாது, விற்கும் வழியைத் திருத்த வேண்டும். இரண்டும் நிறைவாக இருந்தால் அதே கருப்பொருளை அடுத்த தைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு காலாண்டு முடிவுக்குக் காத்திராத ஒன்றும் இருந்தது: இணையத்துக்கான பொதிகளில் 40 மட்டும் மிஞ்சினால் அன்றைக்கே விற்பனைப் பதிவை நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் யார் சொல்வது, எந்த நாளில் சொல்வது என்பதும் எழுதப்பட்டது. செயலாளர் என்று பொதுவாக எழுதாமல் அவருடைய பெயரையே எழுதினோம்.

அந்த 50, 25 என்ற எல்லைகள் ஏன் இலக்கின் பாதியில் நிற்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். சிறிய எண்ணிக்கைகள் தாமாகவே ஏறி இறங்கும். ஒரு காலாண்டில் 20 கட்டளை வந்தால், எதையும் மாற்றாமல் விட்டாலும் அடுத்த காலாண்டில் 12 வரக்கூடும், 28உம் வரக்கூடும். இந்த அலைவுக்குள் விழும் வேறுபாட்டைப் பார்த்து "செவ்வாய்க்கிழமைப் பதிவு நல்லது, வெள்ளிக்கிழமைப் பதிவு கூடாது" என்று முடிவெடுக்கும் மீளாய்வுகளைப் பார்த்திருக்கிறேன். காலாண்டுக்கு 26 பதிவுகள் இடும் பக்கம் எந்தக் கிழமை சிறந்தது, எந்த மணி சிறந்தது என்பதை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கேள்விகளை மீளாய்விலிருந்து எடுத்துவிடுங்கள். பாதியாகக் குறைவது, இரு மடங்காகக் கூடுவது போன்ற பெரிய மாற்றங்கள் மட்டுமே உங்களைப் போன்ற அளவுள்ள சங்கத்துக்கு ஏதாவது சொல்லும்.

பங்குனி மீளாய்வில் கொப்பி காட்டியது 96 விசாரணை, 22 கட்டளை. கூட்டத்தில் முதலில் எழுந்த குரல், "படங்கள் சரியில்லை, ஒரு நல்ல படப்பிடிப்பாளரைப் பிடிப்போம்" என்பதே. எழுதி வைத்த தாள் இல்லாவிட்டால் அன்றைக்கு அதைத்தான் செய்திருப்போம். தாளில் இருந்ததோ விற்கும் வழியைத் திருத்து என்பது. ஆகவே 96 உரையாடல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தோம், அது ஒரு மாலை முழுவதையும் எடுத்தது. 57 பேர் வெளிநாட்டிலிருந்து எழுதியிருந்தார்கள். பொதியை இலண்டனுக்கு, ரொறன்ரோவுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள், முடியாது என்று பதில் அனுப்பி உரையாடலை முடித்திருந்தோம். மீதி 39 பேர் இலங்கைக்குள் இருந்தவர்கள், அவர்களில் 22 பேர் வாங்கியிருந்தார்கள். உள்ளூர் விற்பனையில் எந்தப் பிழையும் இல்லை. பதிவுகள் நன்றாகவே வேலை செய்திருந்தன, ஆனால் நம்மால் விற்க முடியாத இடத்தில்.

அங்கே எடுத்த தீர்மானம் அடுத்த இரண்டு காலாண்டுகளின் உருவத்தையே மாற்றியது. பனங்கட்டிக் கருப்பொருளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவின் முடிவிலும் "ஆடி, ஆவணியில் ஊருக்கு வருகிறீர்களா? இப்போதே பதிந்து வையுங்கள், ஏ9 வீதியில் போகும்போது எங்களிடம் எடுத்துச் செல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தோம். வர முடியாதவர் வவுனியாவிலோ கொழும்பிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம். ஆனி முடிவுக்குள் 20 முற்பதிவு வந்தால் ஆவணியில் பனாட்டைக் கூடுதலாகச் செய்வது, வராவிட்டால் வழக்கமான அளவு மட்டும் என்று தீர்மானப் புள்ளியை எழுதினோம். 31 வந்தது. அவர்களில் 26 பேர் நேரில் வந்து எடுத்துச் சென்றார்கள். தீர்மானப் புள்ளி பனம்பழம் விழுவதற்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதை இதில் கவனியுங்கள். பழம் விழுந்து முடிந்த பிறகு "அதிகம் செய்திருக்கலாம்" என்று கண்டுபிடிக்கும் மீளாய்வால் அந்த ஆண்டுக்குப் பயனில்லை. நிதி ஆண்டுக் காலாண்டு எங்கே முடிகிறது என்பதைவிட, உற்பத்தியில் இனி மாற்ற முடியாத நாள் எது என்பதைப் பார்த்து மீளாய்வு நாளை இரண்டு வாரம் முன்னே தள்ளத் தயங்காதீர்கள்.

அதே ஆண்டில் ஒரு தளத்தை நிறுத்தவும் வேண்டி வந்தது. ரிக்ரொக்கில் காணொளி இட விரும்பிய இளம் உறுப்பினர் ஒருவர் வாரத்துக்கு ஆறு மணி நேரம் அதற்குக் கொடுத்தார். இரண்டு காலாண்டுகளில் 10 கட்டளை வராவிட்டால் நிறுத்துவது என்று அவரும் சேர்ந்தே தையில் எழுதியிருந்தோம். ஆனி முடிவில் அந்தக் குறியீட்டோடு வந்த கட்டளை மூன்று. ஆனால் ஒரு காணொளி வழக்கத்தைவிடப் பல மடங்கு பேரால் பார்க்கப்பட்டிருந்தது, அதனால் நிறுத்த மனமில்லாமல் கூட்டம் நீண்டது. 26 வாரம், 156 மணி நேரம், மூன்று கட்டளை என்று பலகையில் எழுதிய பிறகே முடிவு வந்தது. அந்தப் பெண்ணின் மனம் நோகும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர் எடுத்த காணொளிகளை முகநூல் பக்கத்தில் தொடர்ந்து பயன்படுத்தினோம், அவருடைய ஆறு மணி நேரத்தில் இரண்டை மட்டும் அதற்குக் கேட்டோம். நிறுத்தும் விதியை எழுதும்போது அந்த வேலையைச் செய்கிறவர் மேசையில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பிறர் எழுதிய விதியால் ஒருவருடைய வேலையை நிறுத்தினால் அவர் சங்கத்தை விட்டே போய்விடுவார்.

கணக்கோடு சேராத தீர்மானப் புள்ளிகளும் வன்னியில் திட்டம் எழுதுகிறவருக்கு உண்டு. மே 18 அன்றும் அதை ஒட்டிய நாட்களிலும், நவம்பர் கடைசி வாரத்திலும், விற்பனைப் பதிவு எதுவும் போகக்கூடாது. இதை ஆண்டுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதி, அந்த நாட்களைச் சிவப்பு மையால் அடைத்து விடுங்கள். உங்கள் உறுப்பினர்களின் வீடுகளிலேயே விளக்கு எரியும் நாட்கள் அவை. வெளியூரிலிருந்து கொண்டுவரும் மாதிரி அட்டவணைகளில் இவை இருக்காது. வெள்ளத்துக்கும் இதே போன்ற விதி தேவை. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது, நான் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருந்த நத்தார் அன்பளிப்புப் பொதி விளம்பரம் அன்று காலையில் தானாக வெளிவந்தது. பாடசாலைகளில் தங்கியிருந்த குடும்பங்கள் அதைப் பார்த்தன. கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருந்தது, என்னிடம் மின்சாரம் இல்லை. அன்று முதல் எழுதும் ஒவ்வொரு திட்டத்திலும், இரண்டு வேறு ஊர்களில் இருக்கும் இரண்டு பேருக்குப் பக்கத்தை நிருவகிக்கும் உரிமை இருக்க வேண்டும் என்றும், வெள்ள எச்சரிக்கை வந்ததும் `Meta Business Suite` இல் நேரம் குறித்த எல்லாப் பதிவுகளையும் அவர்களில் ஒருவர் யாரையும் கேட்காமல் நிறுத்தலாம் என்றும், மீண்டும் தொடங்கும் நாளைச் சங்கக் கூட்டமே சொல்ல வேண்டும் என்றும் எழுதுகிறேன்.

தளமே இல்லாமற் போகும் நாட்களும் வரும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசு நாடு முழுவதும் சமூக ஊடகங்களைத் தடை செய்தது, முதல் இரண்டு தடைகளும் ஒரு வாரத்துக்கு மேலும் நீண்டன. வாங்கியவர்களின் தொலைபேசி இலக்கங்கள், அவர்களுடைய சம்மதத்தோடு, கொப்பியிலும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை. வட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பட்டியலாக அனுப்பும் வசதியில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதுவும் உங்கள் இலக்கத்தைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கே போகும். ஆகவே பொதிக்குள் வைக்கும் துண்டில் இலக்கத்தோடு "சேமித்து வையுங்கள்" என்று அச்சிடுங்கள்.

கட்டண விளம்பரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிறுவனம் கேட்கும். முதலாம் காலாண்டில் ஒரு சதமும் ஒதுக்காதீர்கள். எந்தப் பதிவு தானாக விசாரணையைக் கொண்டுவந்தது என்று தெரிந்த பிறகு, அந்தப் பதிவுக்கு மட்டும், கையிருப்பு இருக்கும்போது மட்டும், பொதி அனுப்பக்கூடிய மாவட்டங்களுக்கு மட்டும் காட்டும்படி செலவிடலாம்.

நிறுவனத்துக்குக் கொடுப்பதற்கு இரண்டு தாள் போதும். முதல் தாளில் நான்கு வரிசை, ஒவ்வொன்றிலும் கருப்பொருள், கையிருப்பு, விசாரணை இலக்கு, கட்டளை இலக்கு, மீளாய்வு நாள், பதிவு போகக்கூடாத நாட்கள். இரண்டாம் தாளில் "இப்படி வந்தால் இதைச் செய்வோம்" என்ற வாக்கியங்கள், காலாண்டுக்கு நான்குக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். மீளாய்வுக் கூட்டத்துக்குத் தலைவரும் பொருளாளரும் பதிவு எழுதுகிறவரும் வருவார்கள். பொதி கட்டி அனுப்புகிறவரையும் கட்டாயம் அழையுங்கள். மா கட்டியாகிப் போனது, பொதி பிரிந்து போனது, ஒருவர் இரண்டாம் தடவை வாங்கவில்லை என்பவை அவருக்கு மட்டுமே தெரியும், எந்தத் திரையிலும் அவை வராது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் நீங்கள் தாளுக்கு வெளியே போய்விட்டீர்கள் என்று பொருள். விதியை மீற வேண்டிய நிலை வந்தால் மீறலாம். ஆனால் காரணத்தை அன்றைக்கே இரண்டாம் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையொப்பம் இட்டு, அடுத்த மீளாய்வில் முதல் வேலையாக அதை வாசியுங்கள்.